ஆடியில் நகர்ந்த சரக்கு

செங்கல்பட்டில் எங்கள் கடை இருந்த கட்டடத்தை உரிமையாளர் விற்றுவிட்டார். ஆடி முடிவதற்குள் காலி செய்யச் சொன்னார். வேறு எந்த மாதத்தைச் சொல்லியிருந்தாலும் இதை நான் எழுதவேண்டிய தேவை வந்திருக்காது.

குழாய், மோட்டார், வால்வு விற்கும் கடை. பங்குதாரர்கள் மூவர்: நான், என் மச்சான் (மனைவியின் தம்பி), என் தங்கை. தங்கையின் கணவர்தான் கடையைத் தொடங்கியவர். அவர் இறந்துபோன பிறகு அவருடைய பங்கு தங்கைக்கு வந்தது. கடையின் பெயரும் அவர் பெயர்தான். நான் கடைக்கு வருவதற்கு முன் ஓர் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருபத்தொரு வருடம் இருந்தவன். எண்ணாமல் எதையும் கைமாற்ற மாட்டேன். மாடிப்படி ஏறினால்கூட எண்ணுவேன். இது வியாதி என்று என் மனைவி சொல்வாள். வியாதியாகவே இருக்கட்டும்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் தங்கை பங்கிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னாள். ஊரப்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தாள். அஸ்திவாரம் முடிந்து சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. பணம் வேண்டும். இன்னொன்றும் சொன்னாள்.

"நான் வெளிய போயிட்டா அவரு பேரு அந்த போர்டுல இருக்கக்கூடாதுண்ணா. நீங்க நல்லா நடத்துனாலும் சரி, நாசமா போனாலும் சரி, அவரு பேருல வேணாம்."

நியாயம்தான். ஆகப் பங்குதாரர் மாற்றம், பெயர் மாற்றம், இட மாற்றம் என்று மூன்று ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. புது இடம் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் பார்த்தோம். கடற்கரை ஓரம் விடுதிகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அணுசக்தித் துறை ஊழியர்களுக்கான அணுபுரம் குடியிருப்பில் இருப்பவர்களும் வெளியே மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் குழாய் வேண்டும். இடம் அதே வணிகவரி அலுவலகத்தின் எல்லைக்குள்தான் இருந்தது. அதையும் முன்கூட்டியே விசாரித்துவிட்டேன். எல்லை மாறினால் கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போகும். போகிற கோப்பு எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆடி பிறப்பதற்குள் தங்கை விலகும் பத்திரத்தை எழுதிவிட வேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை முத்திரைத்தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். அவள் விலகுகிறாள், மீதி இருவரும் புதுப் பெயரில் தொடர்கிறோம் என்று பத்திரம். வங்கி கேட்டதால் நிறுவனப் பதிவாளர் அலுவலகத்துக்கும் அதே வாரம் தெரிவித்து ரசீது வாங்கினேன்.

வரி அலுவலகத்துக்கு மட்டும் தெரிவிக்கவில்லை. மறந்துபோய் அல்ல, யோசித்துத்தான். பெயர், இடம், பங்குதாரர் எது மாறினாலும் முப்பது நாளுக்குள் எழுதித் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள வேண்டும். மூன்றுக்கும் மூன்று தடவை போவதைவிட ஒரே விண்ணப்பமாகக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கடையை ஆவணி எட்டாம் தேதி நல்ல நேரத்தில் திறப்பதாக இருந்தது. இடமாற்றம் என்றால் கடை திறக்கிற நாள்தானே? விண்ணப்பத்தைத் தயாராக எழுதி, மாறிய தேதி என்ற இடத்தில் மூன்றுக்கும் சேர்த்து ஆவணி எட்டுக்கான ஆங்கிலத் தேதியைப் போட்டு, புதுக் கடை மேசை இழுப்பறையில் வைத்தேன். ஆடியில் எதையும் தொடங்குவதில்லை என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். ஆனால் ஆடியில்தான் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அதனால் சரக்கை ஆடியிலேயே நகர்த்தி, உள்ளே அடுக்கி, ஷட்டரை இறக்கிவிட்டு ஆவணிக்காகக் காத்திருந்தோம். ஒரு பில்கூடப் போடவில்லை.

ஏழு நடை லாரியில் சரக்குப் போனது. ஒவ்வொரு நடைக்கும் நான் பட்டியல் எழுதினேன். இருபது அடிக் குழாய் நானூற்றுப் பதினாறு. மோட்டார் ஒன்பது. குழாய் வளைவுக்கு எல்போ, மூன்று வழி பிரிவதற்கு டீ, வால்வு, சாக்கெட் என்று சில்லறைச் சாமான் நாலாயிரத்துச் சொச்சம். சொச்சம் என்று இங்கே எழுதுகிறேன். பட்டியலில் சொச்சம் இல்லை. அட்டைப்பெட்டி போதவில்லை என்று மச்சான் கைக்குக் கிடைத்த காலிப் பெட்டியில் எல்லாம் கலந்து போட்டு அடுக்கினான். இருநூறு எல்போ என்று அச்சடித்த பெட்டிக்குள் அறுபது டீ இருக்கும். அதற்கும் பட்டியலில் குறிப்பு எழுதினேன்.

ஆடி இருபதாம் நாள் வணிகவரி அமலாக்கப் பிரிவு ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். பெயர்ப்பலகை இல்லாத கட்டடத்தில் லாரி லாரியாகச் சரக்கு இறங்கியது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அன்று பல்வலிக்காகச் செங்கல்பட்டில் இருந்தேன். மச்சான் மட்டும் இருந்தான். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, பேஜாராப் பூடுச்சு. வந்தானுங்க. எல்லாத்தையும் லிஸ்ட்டு போட்டுகினு பூட்டானுங்க."

"நீ என்ன சொன்னே?"

"இன்னா சொல்லுவேன், உள்ளதத்தான் சொன்னேன். கடை இன்னும் தொறக்கல, ஆவணிலதான்னேன். பதிவு எங்க கீதுன்னாங்க. செங்கல்பட்டுலன்னேன். இங்க எதுக்கு சரக்குன்னாங்க. மாத்தறோம்னு எழுதி வெச்சிகினு கீறோம், பாருங்கன்னு நீங்க எழுதுன பேப்பரை எடுத்துக் காட்டினேன்."

"அதையும் எடுத்துப் போனார்களா?"

"அதைத்தான் மொதல்ல எடுத்தாங்க."

ஆவணியில் மாறப்போகிறோம் என்று என் கைப்பட எழுதிய காகிதம். அப்படியானால் ஆடியில் இங்கே இருக்கும் சரக்கு யாருடையது? பதிவில் உள்ள கடையின் சரக்கு செங்கல்பட்டில்தானே இருக்க வேண்டும்? அவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

"லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டாயா?"

"வெறும் லிஸ்ட்டுதான், போடுப்பான்னாரு. போட்டேன்."

"பெட்டியைத் திறந்து எண்ணினார்களா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து ஆடி இருபத்திரண்டில் நானே வரி அலுவலகத்துக்குப் போய்ப் புது விண்ணப்பம் கொடுத்தேன். இந்தத் தடவை மூன்று மாற்றத்துக்கும் மூன்று தேதி எழுதினேன். பங்குதாரர் விலகியது, பெயர் மாறியது ஆனியில். சரக்கு நகர்ந்தது ஆடியில். வியாபாரம் தொடங்கப்போவது ஆவணியில். பத்திர நகல், புது இடத்தின் வாடகை ஒப்பந்தம், பதிவாளர் ரசீது, பழைய பதிவுச் சான்றிதழின் அசல் எல்லாம் வைத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். பத்திரம் எழுதி முப்பது நாள் ஆகவில்லை. விரல் விட்டு எண்ணினேன், முப்பதுக்கு இன்னும் நாள் பாக்கி இருந்தது.

முத்திரை போட்ட எழுத்தர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், அமலாக்கம் வந்துட்டுப் போனப்புறம் கொடுக்கறீங்க. இது செல்லும், ஆனா செல்லாது."

"செல்லுமா செல்லாதா, ஒன்று சொல்லுங்கள்."

"இணக்கக் கட்டணம் கட்டிடுங்க. முடிஞ்சுது."

இணக்கக் கட்டணம் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு தொகையைச் செலுத்துவது. செலுத்திவிட்டால் வழக்கு இல்லை. ஆனால் அவர்கள் எழுதிக்கொடுக்கச் சொன்ன வாசகத்தைப் படித்தேன். கணக்கில் காட்டாத சரக்கைப் பதிவு பெறாத இடத்தில் மறைத்து வைத்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். கீழே மூன்று பங்குதாரர்களின் பெயர். மூன்றாவது என் தங்கை. பதிவேட்டில் அவள் இன்னும் பங்குதாரர்தான்.

மச்சான் கட்டிவிடலாம் என்றான். நான் முடியாது என்றேன்.

"மறைச்சு வெச்சியான்னு கேட்டா, ஆமான்னு சொல்லிட்டுப் போ மாமா. வாயில இன்னா முத்தா கொட்டிடும்?"

"நான் ஒரு எல்போவைக்கூட மறைக்கவில்லை. இடத்தைச் சொல்லாமல் சரக்கு வைத்தேன். அதை எழுதச் சொன்னால் எழுதுகிறேன். கணக்கில் இல்லாத சரக்கு என்று எழுதமாட்டேன்."

ஆவணி பிறந்த சில நாளில் நோட்டீஸ் வந்தது. எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பதிவேட்டில் இருந்தது பழைய முகவரி. அங்கே யாரும் இல்லை என்று கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கடையில் அதற்குள் முடிதிருத்தும் நிலையம் வந்துவிட்டது. அதன் உரிமையாளர் பசையோடு பிய்த்து எடுத்து, சைக்கிளில் என் வீடு தேடி வந்தார். "அண்ணாத்த, உங்களுக்குத்தான் வந்துகீது. எங்கடை கஸ்டமருங்கள்லாம் உக்காந்து படிச்சிட்டாங்க" என்றார்.

படித்தேன். எங்கள் கணக்கில் உள்ளதைவிட அவர்கள் பட்டியலில் சில்லறைச் சாமான் ஆயிரத்துக்கு மேல் அதிகம். அதைக் கணக்கில் வராத கொள்முதல் என்று கொள்வதாகவும், அதேபோல் முன்பும் நடந்திருக்கும் என்று அதே அளவை இன்னொரு மடங்கு சேர்ப்பதாகவும், அதற்கு வரியும் தண்டமும் விதிக்க உத்தேசித்திருப்பதாகவும், ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதித் தரலாம் என்றும் இருந்தது. உத்தேசம்தான், உத்தரவு அல்ல. அந்த ஒரு சொல்லை நான் நாலு தடவை படித்தேன்.

மறுநாள் காலை தங்கை வந்தாள். ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு ஏழாவது நிறுத்தம். ஏழு நிறுத்தமும் கோபத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்குப் பதிவுத் தபாலில் தனியாக ஒரு நகல் போயிருந்தது.

"இன்னாண்ணா இது? நான் வெளிய வந்து எத்தினி நாளாச்சு? கணக்கு கணக்குன்னு என் கல்யாணத்துல எலையைக்கூட எண்ணினியே, இதை எண்ணலியா நீ?"

"கொடுத்துவிட்டேன். திருத்த விண்ணப்பம்..."

"எப்ப குடுத்த?"

நான் தேதியைச் சொன்னேன்.

"அவங்க வந்துட்டுப் போனப்புறமா?"

என் மனைவி அவளுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் தொடவில்லை. "பங்காளி ஒவ்வொருத்தரும் முழு வரிக்கும் பொறுப்பாமே. பக்கத்து வூட்டு வக்கீல் படிச்சுச் சொன்னாரு. நீங்க கட்டலன்னா என் வூட்டு மேல கை வெப்பாங்களாம். நான் இன்னும் கூரை போடலண்ணா. சுவருதான் நிக்குது. அதுமேலயா?"

அவள் போன பிறகு அந்தக் காப்பியை நான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. இது என் தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்று தடவை போகவேண்டியதை ஒரு தடவையாகச் சுருக்கப் பார்த்தேன். பஞ்சாங்கத்தின் தேதியைச் சட்டத்தின் தேதியாக எழுதினேன். ஆனால் என் தவறு அது மட்டும்தான். அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட இல்லை. அந்த ஒரு அங்குலத்துக்காகத்தான் அவள் வீட்டின் மேல் கை வைக்கப் பார்த்தார்கள்.

ஆவணி எட்டாம் தேதி வந்தது. நல்ல நேரம் காலை ஒன்பது முதல் பத்தரை வரை. வாழைமரம், தோரணம் எல்லாம் மச்சான் ஏற்பாடு செய்திருந்தான். நான் காலை எட்டுக்கே போய் ஷட்டரின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"எழுந்திரு மாமா, அய்யர் வந்துட்டாரு."

"திறக்கக்கூடாது."

"இன்னா வெளையாடறியா? விடுதிக்காரன் நூறு குழாய் கேட்டுகினு நிக்கறான்."

"ஒரு குழாய் வெளியே போனாலும் அதன் பிறகு எண்ணிப் பார்ப்பதற்கு என்ன இருக்கும்? அவர்கள் எண்ணியது தப்பு என்று நான் எப்படிக் காட்டுவேன்? அவர்கள் மறுபடி வந்து எண்ணுகிறவரை இந்த ஷட்டர் ஏறாது."

"அவனுங்க எப்ப வருவானுங்க?"

"தெரியாது."

"நைனா, நீ பைத்தியம்" என்றான். மாமா என்று கூப்பிடுகிறவன் நைனா என்றால் மரியாதை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அய்யர் தட்சிணையை வாங்கிக்கொண்டு போனார். மச்சான் வாழைமரத்தை அவிழ்க்காமலே விட்டான். ஒரு வாரத்தில் காய்ந்து சாலையின் குறுக்கே சாய்ந்தது.

அன்றே ஆட்சேபணை எழுதினேன். பதினோரு பக்கம். கடை மூடிய நாளின் இருப்புப் பட்டியல், ஏழு நடைக்கான பட்டியல், கொள்முதல் பில்கள், ஆடியில் விற்பனை இல்லை என்று தவணை தவறாமல் கொடுத்த மாதக் கணக்கின் நகல், தங்கையின் விலகல் பத்திரம், பதிவாளர் ரசீது. கடைசியில் எழுதினேன்: பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை உள்ளே இருக்கும் எண்ணாகக் கொண்டது பிழை. சரக்கை அப்படியே வைத்திருக்கிறேன். நேரில் எண்ணிப் பார்க்கும்படியும், என்னை நேரில் விசாரிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆவணி போயிற்று. கடைக்கு வாடகை ஓடியது, வியாபாரம் இல்லை. மச்சான் என்னோடு பேசுவதை நிறுத்தினான். வாங்க வந்தவர்கள் ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் தினமும் பேருந்தில் போய் நாற்காலியில் உட்கார்ந்து, போகிறவர்களை எண்ணிவிட்டு வந்தேன்.

விசாரணைக்கு அழைத்தது புரட்டாசி முதல் வாரத்தில். வணிகவரி அலுவலர் ஒரு பெண்மணி. என் பதினோரு பக்கத்தையும் படித்திருந்தார். அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

"பெரியவரே, உங்க மச்சினர் கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"பெட்டிகளின் எண்ணிக்கைக்குப் போட்டான். பெட்டி எத்தனை என்பது சரி. உள்ளே எத்தனை என்பது தப்பு."

"ஆவணியில மாத்தறோம்னு உங்க கையெழுத்துல ஒரு பேப்பர் இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அது என் தவறு. ஆடியில் கடை திறக்கக்கூடாது என்று தேதியைத் தள்ளி எழுதினேன். சரக்கு வைத்த நாளைத்தான் எழுதியிருக்க வேண்டும்."

அவர் பேனாவை மூடினார். "ஆடிக்கு நாங்க லீவு விடறதில்ல சார்."

"இப்போது தெரிகிறது அம்மா. ஆனால் என் தங்கை எதற்கு? நீங்கள் அங்கே சரக்கைப் பார்த்த நாளில் அவள் பங்குதாரர் இல்லை. பத்திரம் இருக்கிறது. பதிவாளர் ரசீதின் தேதியைப் பாருங்கள், உங்கள் ஆட்கள் வருவதற்கு முன்னால். பதிவேட்டில் பெயரை எடுக்காமல் விட்டது நான். என் பெயரை இரண்டு தடவை எழுதிக்கொள்ளுங்கள். அவள் பெயரை எடுங்கள்."

"கட்டணம் கட்டினா இன்னைக்கே முடியும்."

"மறைத்தேன் என்று எழுதவேண்டியிருந்தால் கட்டமாட்டேன். நீங்கள் உத்தரவு போட்டால் மேல்முறையீடு போவேன். அங்கும் பெட்டியைத் திறக்கச் சொல்லுவேன்."

என் குரல் அவ்வளவு உயர்ந்தது எனக்கே தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் எழுத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. மணியடித்து, ஆட்களை அனுப்பிப் பெட்டிகளைத் திறந்து எண்ணச் சொன்னார்.

மூன்றாம் நாள் இருவர் வந்தார்கள். மச்சானும் வந்தான், பேசாமல். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டரை வரை எண்ணினார்கள். ஒவ்வொரு பெட்டியும் தரையில் கொட்டப்பட்டது. இருநூறு எல்போ பெட்டியைக் கவிழ்த்தபோது அறுபது டீ விழுந்தது. வந்தவர்களில் மூத்தவர் மச்சானைத் திரும்பிப் பார்த்து, "ஏன்யா, இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா?" என்றார்.

"நீங்க அன்னிக்குத் தொறந்திருந்தா நான் சொல்லவே வேணாமே சார்" என்றான் மச்சான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் வாயைத் திறந்தது என் பக்கமாக இருந்தது.

கடைசியில் ஒரு வால்வு குறைந்தது. பட்டியலை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். அலமாரிக்கு அடியில் உருண்டு கிடந்ததை அவர்களே எடுத்தார்கள்.

உத்தரவு அதே மாதத்தில் வந்தது. எண்ணிக்கை கணக்கோடு ஒத்திருப்பதால் கணக்கில் வராத கொள்முதல் என்ற உத்தேசம் கைவிடப்படுகிறது. விலகிய பங்குதாரர் மீதான நோட்டீஸ் கைவிடப்படுகிறது. சரக்கு வைத்த இடத்தைப் பதிவில் சேர்க்காததற்குச் சிறு கட்டணம். அதை நான் கட்டினேன். அந்த வாசகத்தில் மறைத்து என்ற சொல் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கட்டினேன். சான்றிதழ் திருத்தப்பட்டுக் கைக்கு வந்தபோது புதுப் பெயர், புது முகவரி, பங்குதாரர்கள் இருவர்.

அதோடு முடிந்தது என்று நினைத்தவனுக்குத் தையில் மறுபடி ஒரு நோட்டீஸ். பழைய பெயரில் நான்கு மாதமாகக் கணக்கு வரவில்லை, ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று. இன்னொரு மேசையின் பேரேட்டில் பழைய பெயர் அடிக்கப்படவில்லை. சான்றிதழ் நகலோடு பதில் கொடுத்தேன். பல வருடம் கழித்து மதிப்புக்கூட்டு வரி வந்து எல்லோருக்கும் பதினொரு இலக்கத்தில் புது எண் தந்தபோதும் எங்கள் எண் பழைய முகவரியோடுதான் வந்தது. முடிதிருத்தும் நிலையத்துக்காரர் சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கொண்டுவந்தார். மறுபடி நகல், மறுபடி முத்திரை. அந்த நகல்கள் பத்தொன்பதும் ஒரு கோப்பில் என்னிடம் இருக்கின்றன. யார் கேட்டாலும் கொடுப்பேன். அசலைக் கொடுக்கமாட்டேன்.

கடை திறந்த நாளைச் சொல்லவில்லை. உத்தரவு கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். புரட்டாசி. மணி மூன்றேகால், ராகு காலம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னான். ஐப்பசியில் நல்ல நாள் இருக்கிறது என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

நாள் பார்த்து நான் பட்டது போதும். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் ஷட்டரைத் தூக்கினேன். இரண்டு மாதம் இறங்கிக் கிடந்ததால் முனகிக்கொண்டே ஏறியது.

அன்று சாயங்காலம் முதல் பில் தங்கைக்குப் போட்டேன். உத்தரவின் நகலைக் கொடுக்கத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தேன். வந்தாள். புதிதாக மாட்டிய பெயர்ப்பலகையைப் பார்த்தாள். கணவர் பெயர் இல்லாத பலகை.

"எதுக்கு ராகு காலத்துல தொறந்த?"

"ஆவணி எட்டில் திறந்திருந்தால் உன் வீட்டுக்குக் கூரை இருக்காது."

மாடிக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்றாள். எத்தனை என்று கேட்டேன். பன்னிரண்டு என்றாள். எண்ணி வைத்தேன். லாரியில் ஏற்றும்போது அவளும் ஒரு தடவை எண்ணினாள்.